எல்லைக்குள் நின்ற பத்துப் புள்ளிகள்: ஆய்வகக் கட்டுப்பாட்டுப் படம் எதைக் காட்டும், எதை மறைக்கும்?

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 6.8 என்று ஓர் அறிக்கை சொல்கிறது. மூன்று வாரம் கழித்து இன்னொன்று 7.0 என்கிறது. சிங்கப்பூரில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு கோடு ஓடுகிறது. லிட்டருக்கு 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 7.0 தொட்டால் நீரிழிவு. தமிழ்நாட்டு உறவினர்களிடம் சொல்வதானால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 7.0 என்பது அங்கே 126.

ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023-இல் தொடங்கியபின் குடும்ப மருத்துவரிடம் பரிசோதனைக்குச் செல்வோர் கையில் இத்தகைய அறிக்கைகள் வழக்கமாகிவிட்டன. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “மாறியது என் உடம்பா, அவர்களுடைய இயந்திரமா?” உடம்பாகவும் இருக்கலாம். ஒருவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை நாளுக்கு நாள் சுமார் 5 விழுக்காடு தானாகவே ஏறி இறங்கும். இயந்திரமாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் ஆய்வகத் தொழில்நுட்பர். அதற்கு அவரிடம் உள்ள கருவி ஒரு படம். அந்தப் படம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும்போதே அளவு தவறாக இருக்க முடியும். எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

## துல்லியம் வேறு, நுட்பம் வேறு

பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். ஆய்வகத்தில் அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்.

தேக்கா சந்தையில் ஒரு மீன் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக 1,000 கிராம் எடைக்கல்லை ஐந்து முறை வைக்கிறோம். 1,027, 1,028, 1,027, 1,026, 1,027 என்று காட்டுகிறது. மீண்டும் மீண்டும் ஏறக்குறைய ஒரே எண் வருவதால் இந்தத் தராசின் நுட்பம் நன்றாக இருக்கிறது. உண்மை எடைக்கு அருகில் இல்லாததால் துல்லியம் இல்லை. அடுத்த கடைத் தராசு 980, 1,015, 1,005, 975, 1,025 என்று அலைபாய்கிறது. சராசரி சரியாக 1,000. ஆனால் ஒரு தடவை மட்டும் நிறுத்து வாங்குபவருக்கு அந்தச் சராசரியால் பயனில்லை.

இரண்டாவது தராசின் குறை தற்செயல் பிழை. முதலாவதன் குறை முறைசார் பிழை. தற்செயல் பிழை பலமுறை அளந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். முறைசார் பிழை நூறு முறை அளந்தாலும் கரையாது. நோயறிகுறி ஏதும் இல்லாதவருக்கு 7.0 வந்தால், இன்னொரு நாள் மறுபடி சோதித்து உறுதிசெய்துகொள்வது மருத்துவ நடைமுறை. உடம்பின் ஏற்ற இறக்கத்துக்கும் தற்செயல் பிழைக்கும் அது நல்ல மருந்து. ஆனால் அதே ஆய்வகம், அதே இயந்திரம், அதே முறைசார் பிழை என்றால் இரண்டாவது சோதனை தவறைத் திருத்தாது. அதற்கு முத்திரை குத்தும்.

## படம் எப்படி உருவாகிறது

நோயாளியின் உண்மை அளவு என்னவென்று ஆய்வகத்துக்குத் தெரியாது. ஆகவே, என்ன எண் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒரு பொருளை நோயாளிகளின் மாதிரிகளோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். அதுதான் கட்டுப்பாட்டு மாதிரி. ஆய்வகப் பேச்சில் ‘கன்ட்ரோல்’. பெரும்பாலும் உலர்ந்த தூளாகச் சிறு குப்பியில் வரும்; அளந்த நீரில் கரைத்துப் பயன்படுத்துவார்கள். சர்க்கரைக்கு இயல்பான அளவு ஒன்று, உயர்ந்த அளவு ஒன்று என இரண்டு மட்டங்களில் ஓட்டுவது வழக்கம்.

குறைந்தது 20 நாள் அளவுகளைச் சேர்த்துச் சராசரியும் திட்டவிலக்கமும் கணக்கிடுவார்கள். திட்டவிலக்கம் என்பது அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு. நுட்பத்தின் எண் வடிவம் என்று கொள்ளலாம். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் ஒன்று, இரண்டு, மூன்று திட்டவிலக்கத் தொலைவில் கோடுகள். தினமும் ஒரு புள்ளி. தொழிற்சாலைப் பொருள்களுக்காக வால்டர் ஷெவார்ட் 1924-இல் வகுத்த இந்த யோசனையை லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950-இல் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பெயரிலேயே படம் இன்றும் வழங்குகிறது.

இயந்திரம் சரியாக இருக்கும்போது ஏறக்குறைய 95 விழுக்காட்டுப் புள்ளிகள் இரண்டு திட்டவிலக்கத்துக்குள் விழும். மூன்றைத் தாண்டுவது ஆயிரத்தில் மூன்றுதான். இவ்வளவும் பயிற்சி மாணவர்களுக்கு மனப்பாடம். இதை வைத்து “கோட்டுக்குள் இருந்தால் சரி, வெளியே போனால் தவறு” என்று முடித்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

## ஒரு கணக்கு

கீழே வருவது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு. எண்கள் நடைமுறைக்கு ஒத்தவை. சர்க்கரைக் கட்டுப்பாட்டின் கீழ்மட்டக் குப்பியின் சராசரி 5.20. குப்பியோடு வந்த தாளில் ஏற்கத்தக்க வரம்பு 5.00 முதல் 5.40 வரை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஆய்வகம் அதையே இரண்டு திட்டவிலக்க எல்லையாக எடுத்துக்கொண்டது. அதாவது ஒரு திட்டவிலக்கம் 0.10.

முதல் பத்து நாள்:

5.18, 5.25, 5.12, 5.22, 5.16, 5.29, 5.20, 5.15, 5.24, 5.19

சராசரி 5.20. கோட்டுக்கு மேலும் கீழுமாகக் கலந்து நிற்கின்றன. பதினோராம் நாள் காலை இயந்திரத்துக்கு அளவுதிருத்தம் செய்கிறார்கள்: அளவுதிருத்தி என்ற, மதிப்பு தெரிந்த திரவத்தை ஓட்டி, அதைக் கொண்டு இயந்திரம் எண்களைக் கணக்கிடும்படி அமைப்பது. அடுத்த பத்து நாள்:

5.33, 5.36, 5.24, 5.39, 5.31, 5.42, 5.29, 5.35, 5.38, 5.33

ஒரே ஒரு புள்ளி மட்டும் 5.40-ஐத் தாண்டியது: பதினாறாம் நாளின் 5.42. தொழில்நுட்பர் கட்டுப்பாட்டை மறுபடி ஓட்டினார். 5.36 வந்தது. “சரி” என்று குறித்துவிட்டு நோயாளி அறிக்கைகளை வெளியிட்டார். மற்ற ஒன்பது நாளும் விசில் ஊதவே இல்லை.

இப்போது பத்து எண்களையும் கூட்டிப் பாருங்கள். சராசரி 5.34. நடுக்கோடு 0.14 மேலே ஏறிவிட்டது, 2.7 விழுக்காடு. சிதறலோ மாறவே இல்லை: முதல் பத்துக்கும் அடுத்த பத்துக்கும் திட்டவிலக்கம் ஏறக்குறைய 0.05-தான். நுட்பம் அப்படியே இருக்க, துல்லியம் மட்டும் ஒரே இரவில் நகர்ந்திருக்கிறது. இதற்குப் பெயர் பெயர்ச்சி. ஆய்வகங்களில் ‘ஷிஃப்ட்’ என்பார்கள். (இரவு வேலை, பகல் வேலையையும் அதே சொல்லால் குறிப்பதால், “ஷிஃப்ட் மாறியதும் ஷிஃப்ட் வந்தது” என்ற வாக்கியத்தைப் புதியவர்கள் இருமுறை கேட்க வேண்டியிருக்கும்.)

## ஏன் கண்ணில் படவில்லை

மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன.

1. எல்லை இரவல் வாங்கியது. குப்பித் தாளில் உள்ள வரம்பு பல ஆய்வகங்களும் பல இயந்திரங்களும் சேர்ந்து தரும் சிதறலை மனத்தில் வைத்தது, இயல்பாகவே அகலமானது. இந்த ஆய்வகம் தன் சொந்த 20 நாள் கணக்கைப் போட்டிருந்தால் திட்டவிலக்கம் 0.06 அளவில் வந்திருக்கும் என்று கொள்வோம். அப்போது மேல் எச்சரிக்கைக் கோடு 5.40 அல்ல, 5.32. முதல் பத்துப் புள்ளிகளும் அதற்குள் வசதியாக அடங்குகின்றன. பதினோராம் நாளின் 5.33 கோட்டைத் தாண்டுகிறது. பன்னிரண்டாம் நாளின் 5.36-உம் அதே பக்கம் தாண்டுகிறது. தொடர்ந்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கத்தில் இரண்டு திட்டவிலக்கத்துக்கு அப்பால்: ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் வெளியிட்ட விதித் தொகுப்பில் இது `2-2s`. இயந்திரத் திரையில் இந்தப் பெயரிலேயே சிவப்பாகத் தெரியும். அறிக்கையை நிறுத்து என்று பொருள். பத்து நாள் நீடித்த தவறு இரண்டாம் நாளே பிடிபட்டிருக்கும்.

2. புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்த்தது. அகலமான எல்லையை வைத்துக்கொண்டேகூட இதைப் பிடிக்க இன்னொரு வழி இருந்தது. பதினோராம் நாள் முதல் எல்லாப் புள்ளிகளும் சராசரிக் கோட்டுக்கு மேலேயே நிற்கின்றன. இயந்திரம் சரியாக இருந்தால் ஒரு புள்ளி மேலே விழவும் கீழே விழவும் சம வாய்ப்பு. நாணயம் சுண்டுவது போல. பத்துச் சுண்டலும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 512-இல் ஒன்று. ஆகவே பத்துப் புள்ளிகள் ஒரே பக்கம் நின்றால் அதைத் தற்செயல் என்று ஏற்பதில்லை. இந்த விதி `10x`. இருபதாம் நாள் அது விழித்திருக்கும். தாமதம்தான், ஆனாலும் ஒருபோதும் விழிக்காததைவிட மேல்.

3. மறுபடி ஓட்டும் பழக்கம். என் பார்வையில் மூன்றில் மோசமானது இது. இரண்டு திட்டவிலக்கக் கோட்டைச் சரியான இயந்திரமும் 22 முறைக்கு ஒருமுறை தாண்டும் என்பது உண்மை. அதனால் “தாண்டினால் மறுபடி ஓட்டு” என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆனால் மறுபடி ஓட்டினால் கிடைப்பது தற்செயல் பிழை பற்றிய பதில் மட்டும். பெயர்ந்துவிட்ட சராசரியைச் சுற்றி வரும் அடுத்த எண் கோட்டுக்குச் சற்று உள்ளே விழுவது இயல்பு. 5.42-க்குப் பிறகு வந்த 5.36 “சரியாகிவிட்டது” என்று சொல்லவில்லை. சராசரிக்கு மேலே இன்னொரு புள்ளி என்றுதான் சொன்னது. அந்த நேரத்தில் கண் போக வேண்டிய இடம் முந்தைய ஐந்து புள்ளிகள்.

## காரணத்தைத் தேடுவது

பெயர்ச்சி திடீரென வருவதால் அதற்கு ஒரு தேதி உண்டு. படத்தில் படி ஏறிய இடத்தில் விரலை வைத்து, இயந்திரக் குறிப்பேட்டில் அதே தேதியைப் புரட்டினால் பாதி வேலை முடிந்தது. ‘லாட்’ எனப்படும் உற்பத்தித் தொகுதி மாறிய வினைபொருள், புதிய அளவுதிருத்தி, விளக்கு மாற்றம், பராமரிப்புப் பணி என ஏதாவது ஒன்று அங்கே எழுதப்பட்டிருக்கும். எழுதும் பழக்கம் இருந்தால்.

நம் எடுத்துக்காட்டில் எழுதியிருந்தது: “அளவுதிருத்தி, புதிய லாட்.” அதோடு குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று முடிவுகட்டாமல் இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதலாவது, அதே குப்பியில் அளக்கப்படும் மற்றவை எப்படி இருக்கின்றன? தூளைக் கரைக்க 5 மில்லிலிட்டர் நீருக்குப் பதில் 4.9 ஊற்றியிருந்தால் குப்பியில் உள்ள எல்லாமே 2 விழுக்காடு செறிந்திருக்கும்: சர்க்கரையோடு சோடியம், யூரியா எல்லாம் சேர்ந்து ஏறும். இங்கே சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது. குப்பிமேல் பழி இல்லை.

இரண்டாவது, மேல்மட்டக் கட்டுப்பாடு எவ்வளவு ஏறியது? அதன் சராசரி 15.60. அதுவும் வெறும் 0.14 ஏறி 15.74 ஆகியிருந்தால் எல்லா அளவுகளோடும் ஒரே தொகையைக் கூட்டும் பிழை. சர்க்கரை இல்லாதபோதும் காட்டும் எண்ணைக் கழிக்கும் வெற்றுநிலைத் திருத்தத்தில் தேட வேண்டும். வந்ததோ 16.03. இது 2.8 விழுக்காடு, ஏறக்குறைய அதே ஏற்றம். அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது என்றால் எங்கோ ஒரு பெருக்கல் தவறியிருக்கிறது.

பெருக்கல் நடக்கும் இடம் அளவுதிருத்தம். பழைய அளவுதிருத்தியின் மதிப்பு 11.1. புதிய லாட்டின் மதிப்பு 10.8. புதிய குப்பியை வைத்தவர் திரையில் இருந்த பழைய எண்ணை மாற்றவில்லை. உண்மையில் 10.8 உள்ள திரவத்தை இயந்திரம் 11.1 என்று நம்பியது. 11.1-ஐ 10.8-ஆல் வகுத்தால் 1.028. 5.20-ஐ அதனால் பெருக்கினால் 5.34; 15.60-ஐப் பெருக்கினால் 16.03. இரண்டு மட்டமும் பொருந்திவிட்டன. பட்டைக்குறியீட்டை வாசித்துத் தானாக எண்ணை ஏற்றும் இயந்திரங்களில் இது அரிது. கையால் தட்டச்சு செய்யும் இடங்களில் அரிதல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டுப்பாடு நகர்ந்தால் நோயாளி அளவும் நகர்ந்தது என்று எப்போதும் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டு மாதிரி பதப்படுத்தப்பட்ட பொருள். உண்மையான இரத்தத் தெளிவத்தைப் போலவே புதிய வினைபொருளோடு நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வினைபொருள் லாட் மாறும்போது கட்டுப்பாடு மட்டும் ஏறி, நோயாளி மாதிரிகள் அசையாமல் இருப்பதுண்டு. தலைகீழாக, கட்டுப்பாடு அமைதியாக இருக்க நோயாளி அளவுகள் நகர்வதும் உண்டு. அது இன்னும் ஆபத்து. எனவே லாட் மாற்றத்தின்போது சேமித்து வைத்த சில நோயாளி மாதிரிகளைப் பழைய லாட்டிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிடுவதுதான் நம்பத்தக்க தீர்ப்பு.

## படி அல்ல, சரிவு

பெயர்ச்சி படிக்கட்டு என்றால் ‘ட்ரெண்ட்’ எனப்படும் போக்கு சாய்தளம். அதே கட்டுப்பாட்டில் இப்படி வருகிறது என்று கொள்வோம்:

5.21, 5.19, 5.16, 5.14, 5.11, 5.09, 5.07

ஏழு புள்ளிகளும் இறங்குமுகம். சொந்த எல்லையான 5.08-ஐக் கடைசிப் புள்ளிதான் தாண்டுகிறது. ஆனால் நான்காவது ஐந்தாவது புள்ளியிலேயே கண்ணுக்குச் சரிவு தெரியும். போக்குக்குத் தேதி கிடையாது. குறிப்பேட்டைப் புரட்டிப் பயனில்லை. மெல்லக் கெட்டுக்கொண்டிருப்பது எது என்று கேட்க வேண்டும்: மங்கும் விளக்கு, வயதாகும் மின்முனை, இயந்திரத்துக்குள் திறந்தே இருக்கும் வினைபொருள், அல்லது கட்டுப்பாட்டுக் குப்பியே.

கடைசியாகச் சொன்னதை முதலில் சோதிப்பது மலிவு. புதிய குப்பியைக் கரைத்து ஓட்டுங்கள். 5.20 வந்தால் கெட்டது குப்பி; நோயாளி அளவுகளுக்குப் பாதிப்பில்லை. மறுபடியும் 5.07 வந்தால் பிரச்சினை இயந்திரத்திலோ வினைபொருளிலோ. மேல்மட்டம் கீழ்மட்டத்தைவிட வேகமாகச் சரிந்தால் வினைபொருளின் நொதி களைத்துவிட்டதோ என்று ஐயப்படலாம்: சர்க்கரை அதிகம் உள்ள மாதிரியில்தான் நேரத்துக்குள் வினையை முடிக்க முடியாமல் அது முதலில் திணறும்.

இதைச் செய்யாமல் உடனே அளவுதிருத்தம் செய்வது பரவலான தவறு. புள்ளி நடுக்கோட்டுக்குத் தாவும், எல்லோரும் நிம்மதியடைவார்கள், மறுநாள் முதல் மறுபடி சரிவு. ஒரு மாதப் படத்தை எட்ட நின்று பார்த்தால் இரம்பப் பல் போலிருக்கும்: மெல்ல இறக்கம், திடீர் ஏற்றம், மெல்ல இறக்கம். அந்த வடிவம் தெரிந்தால், யாரோ காரணத்தைத் தேடாமல் திருத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

## பத்து நாள் அறிக்கைகள் என்ன ஆகும்?

அளவுதிருத்தியின் எண்ணைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். வெளியே போன அறிக்கைகளைச் சரிசெய்வது அப்படியல்ல.

2.8 விழுக்காடு மிகையாகக் காட்டிய இயந்திரத்தில் 6.8 என்று வந்திருக்க வேண்டியது 7.0 என்று அச்சாகும், 6.9 என்பது 7.1 ஆகும். பதினைந்து, பதினாறு என்று சர்க்கரை உள்ளவருக்கு இந்த வேறுபாட்டால் சிகிச்சை மாறாது. ஐந்தில் இருப்பவருக்கும் கவலையில்லை. பாதிப்பு கோட்டின் ஓரத்தில் நிற்பவர்களுக்கே; 6.1 என்ற கீழ்க்கோட்டின் ஓரத்திலும் ஒரு கூட்டம் உண்டு.

மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையின்படி சிங்கப்பூர் அங்கீகார மன்றம் அங்கீகாரம் வழங்குகிறது. கட்டுப்பாடு தவறியது தெரிந்தால், கடைசியாகச் சரியாக இருந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு வெளியான நோயாளி முடிவுகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று அந்தத் தரநிலை கேட்கிறது. நம் கணக்கில் அது பத்தாம் நாள் வரை பின்னால் செல்கிறது. ஒழுங்கு இப்படி:

1. பத்தாம் நாளுக்குப் பிறகு 7.0, 7.1 என்றும் 6.1, 6.2 என்றும் வெளியானவற்றைப் பட்டியலிடுதல்.
2. மாதிரி இன்னும் பயன்படுத்தத்தக்க நிலையில் இருந்தால் சரிசெய்த இயந்திரத்தில் மறுபடி ஓட்டுதல். செல்களிலிருந்து பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், அது உதவாது.
3. பிரிவு மாறியவர்களின் மருத்துவருக்குத் திருத்திய அறிக்கை அனுப்புதல். மாதிரி இல்லாதவர்களை மீண்டும் அழைத்தல். எண்ணை 1.028-ஆல் வகுத்து அப்படியே புதிய அறிக்கையாக அனுப்புவது கூடாது; அது அளவீடு அல்ல, கணக்கு.

தொழில்நுட்பர் இரண்டாம் நாளே நிறுத்தியிருந்தால் இந்தப் பட்டியல் ஐந்தில் ஒரு பங்காக இருந்திருக்கும்.

## நடுக்கோட்டை நகர்த்தும் ஆசை

இருபதாம் நாள் `10x` எரியும்போது இன்னொரு “தீர்வு” கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சராசரியை 5.20-இலிருந்து 5.34 என்று மாற்றிவிட்டால் விதி அணைந்துவிடும். புள்ளிகள் புதிய நடுக்கோட்டின் இருபுறமும் அழகாக அமர்ந்துவிடும். காரணம் தேடாமல் இதைச் செய்யும் ஆய்வகங்கள் உண்டு. “லாட் மாறியது, சராசரி புதுப்பிக்கப்பட்டது” என்று ஒரு வரியும் எழுதிவிடுவார்கள்.

கட்டுப்பாட்டுக் குப்பியின் லாட் மாறினால் சராசரியை மாற்றித்தான் ஆக வேண்டும். புதிய குப்பியில் சர்க்கரையே வேறு அளவு. வினைபொருள் லாட் மாறி, நோயாளி மாதிரிகள் அசையவில்லை என்று ஒப்பிட்டு நிறுவியிருந்தாலும் மாற்றலாம். வேறெந்த நிலையிலும் அதை மாற்றுவது, படம் தனக்குத் தெரிந்த ஒரே செய்தியைச் சொன்னபோது அதன் வாயை மூடுவதாகும். ஏனென்றால் உண்மை அளவு எதுவென்று படத்துக்குத் தெரியாது. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை என்பது மட்டுமே தெரியும். உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதை, ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பிடும் வெளித் தர மதிப்பீடுதான் சொல்ல வேண்டும். அதன் முடிவு வாரங்கள் கழித்து வரும். அதுவரை 5.34 என்ற புதிய நடுக்கோட்டுக்குக் கீழே, 6.8 உள்ள ஒவ்வொருவரும் 7.0 என்ற தாளோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.